பேச்சு நின்றுபோன தோழிக்கு, அவள் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என்ன எழுதுவது?

கேள்வி: கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள். என்னிடம் வாங்கிய 40,000 ரூபாயைத் தருவதில் வாய்த்தகராறு ஆகி ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை. பணமும் வரவில்லை. அவளுடைய ஏழு வயது மகனை டெங்கு என்று நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் பணத்துக்காக விசாரிக்கிறேன் என்றும் அவள் நினைக்கக் கூடாது, பணத்தை விட்டுவிட்டேன் என்றும் நினைக்கக் கூடாது. இப்படி எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா?

"ஹாய். நமக்குள்ள ஆயிரம் பிரச்சினை இருந்தாலும் ஒரு நல்ல தோழியா கேக்கறேன், உன் பையனுக்கு இப்ப எப்படி இருக்கு? பிளேட்லெட் எவ்வளவு? பப்பாளி இலைச் சாறு குடு, ரொம்ப நல்லது. நான் எதையும் மனசுல வச்சுக்கல. பணத்தைப் பத்தி இப்ப கவலைப்படாத. எது வேணும்னாலும் கூப்பிடு. எல்லாம் சரியாயிடும்."

பதில்: இன்றைக்கே அனுப்புங்கள், ஆனால் இதை வேண்டாம். நான் குழந்தைகள் வார்டில் 19 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற வரைக்கும் எங்கள் வார்டில் பாதிக் கட்டில் டெங்குதான். அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் போனை எடுத்துப் பார்க்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று நிறையப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் இந்தச் செய்தி எங்கே படிக்கப்படும் என்று யோசியுங்கள். விடியற்காலையில் ரத்தம் எடுக்க வருவார்கள், பையன் அழுவான். குடித்தது எத்தனை மில்லி, சிறுநீர் எத்தனை மில்லி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தாளுக்கு விவரம் சொல்வது பெரும்பாலும் அம்மாதான். டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், ஏன் என்று அவளுக்குப் புரியாது. போன் லாக்கர் மேல் கிடக்கும், சார்ஜ் பாதிதான் இருக்கும். அது ஒளிர்ந்தால் தெரிவது இரண்டே விஷயம்: உங்கள் பெயர், செய்தியின் முதல் சில சொற்கள்.

உங்கள் பெயரைப் பார்த்ததும் அவள் மனதில் என்ன ஓடும்? விடுதி அறை ஓடாது. நாற்பதாயிரம்தான் ஓடும். இது உங்கள் குற்றமில்லை, கடன் கொடுத்தவர் பெயருக்கே அந்தக் குணம் உண்டு. ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டச் சொல்லியிருக்கும் நேரத்தில் இன்னும் கூடுதலாக ஓடும். நீங்கள் எழுதுவது அந்த ஓட்டத்தை ஒரே வரியில் நிறுத்த வேண்டும். உங்கள் வரைவு அதை நிறுத்தவில்லை, ஏற்றிவிடுகிறது.

"நமக்குள்ள ஆயிரம் பிரச்சினை இருந்தாலும்" என்பதைப் பாருங்கள். பூட்டிய திரையில் தெரியப்போவது "ஹாய். நமக்குள்ள ஆயிரம் பிரச்சினை" வரைக்கும்தான். விசாரிப்பு அதற்குப் பின்னால், மறைந்து நிற்கிறது. அந்தப் போனை அவள் கணவரும் பார்ப்பார், மாமியாரும் பார்ப்பார். அது போக, "இருந்தாலும்" என்ற சொல் தமிழில் எப்போதுமே கொஞ்சம் மேலே நின்று பேசும் சொல். நீ அப்படி நடந்துகொண்டாய், இருந்தாலும் நான் இப்படி நடந்துகொள்கிறேன் என்கிற தொனி அதிலேயே இருக்கிறது. "ஒரு நல்ல தோழியா" என்பதும் அதே ரகம். நல்ல தோழியா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

"எதையும் மனசுல வச்சுக்கல" என்பது உண்மையில்லை. வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் இங்கே கேட்கிறீர்கள். உண்மையாகவே வைத்துக்கொள்ளாவிட்டாலும் அதை இப்போது எழுதினால் தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகும். தப்பு அவளுடையது, மன்னிப்பு உங்களுடையது என்று. அவள் பக்கத்தில் அவளுக்கும் ஒரு நியாயம் இருக்குமே, இல்லாவிட்டால் அது ஏன் வாய்த்தகராறாக ஆகியிருக்கப்போகிறது? எதிர்ப்பக்கமாகப் போய் நீளமாக மன்னிப்புக் கேட்கிறவர்களும் உண்டு. "அன்னிக்கு நான் பேசினது தப்பு, மூணு நாளா தூக்கமில்ல, நீ ஒரு வார்த்தை சொன்னாதான் நிம்மதி" என்று. பையனுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது இவர்களுக்கும் சேர்த்து அவள் ஆறுதல் சொல்ல வேண்டுமாம்.

"பணத்தைப் பத்தி இப்ப கவலைப்படாத." இதில் "இப்ப" என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் விழும். பணம் என்ற சொல்லே செய்தியில் வரக் கூடாது. கேட்கவில்லை என்று சொல்வதற்காக வந்தாலும் அது கேட்டதாகத்தான் ஆகும்.

பிளேட்லெட் கேள்விக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெங்கு வார்டில் இருக்கும் அம்மாவுக்கு வருகிற எல்லாச் செய்தியிலும் அந்தக் கேள்வி இருக்கும். சித்தி கேட்பாள், எதிர்வீட்டுக்காரர் கேட்பார், ஆபீஸிலிருந்து கேட்பார்கள். காலையில் எண்பது, சாயங்காலம் அறுபத்தைந்து என்று ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்து அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் அவள் அந்த இறக்கத்தை மறுபடி இறங்குகிறாள். மருத்துவர்கள் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் இல்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் பி.சி.வி., பிரஷர், நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு, வயிற்று வலி, வாந்தி இவற்றைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். ஏனென்றால் டெங்குவில் ஆபத்து முக்கியமாக ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவதால் வருகிறது. பிளேட்லெட் குறைவது அதோடு கூட வரும் ஒன்று. இன்னொன்று, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: பிளேட்லெட்டையும் ஆயிரக் கணக்கில்தான் சொல்கிறோம், கடனையும் அப்படித்தான் சொல்கிறோம். "எவ்வளவு?" என்ற சொல் உங்களிடமிருந்து போகவே வேண்டாம்.

பப்பாளி இலைச் சாறு நல்லதா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் வாந்தி நிற்காமல் போவது டெங்குவில் அபாய அறிகுறிகளில் ஒன்று. கசப்பான சாற்றைக் கொடுத்துப் பையன் வாந்தி எடுத்தால், அது சாற்றினாலா நோயினாலா என்று டியூட்டி டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மாதுளை, பீட்ரூட் ஜூஸும் அப்படித்தான். வாந்தி சிவப்பாக வந்தால் ரத்தமோ என்று வார்டே ஓடும். யோசனை சொல்பவர்கள் அவளுக்கு ஏற்கெனவே நிறையப் பேர். அந்த வரிசையில் நீங்களும் போய் நிற்காதீர்கள்.

"எல்லாம் சரியாயிடும்" என்பதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இந்த நோய்க்கு ஒரு வஞ்சகக் குணம் இருக்கிறது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்கும் முதல் இரண்டு மூன்று நாளைவிட, காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மோசம். பெரும்பாலும் நோய் தொடங்கிய மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், காய்ச்சல் விட்டதை ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் வரைக்கும் அந்தக் கசிவு நடக்கும். சொந்தக்காரர்கள் "ஜுரம் விட்டுடுச்சா, அப்பாடா!" என்று செய்தி அனுப்பும் நாளில்தான் நாங்கள் மணிக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொண்டிருப்போம். மருத்துவர் "இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போன ஐந்தாவது நிமிஷம் உங்கள் "சரியாயிடும்" வந்தால், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று போனைக் கவிழ்த்து வைப்பாள். நன்றாகவே தேறி வீடு திரும்பும் குழந்தைகள்தான் மிக அதிகம். அதை மருத்துவர் வாயால் அவள் கேட்கட்டும்.

சரி, என்ன எழுதலாம்? நான் எழுதினால் இப்படி:

"தம்பிக்கு டெங்குன்னு இப்பதான் தெரிஞ்சதுடி. மனசு அங்கேயே இருக்கு. நம்ம விஷயம் அது பாட்டுக்கு இருக்கட்டும், அதை இப்ப எடுக்க மாட்டேன். நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு உனக்கும் அண்ணாவுக்கும் இட்லி கொண்டுவந்து கீழ செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போறேன். வேண்டாம்னா மட்டும் 'வேண்டாம்'னு போடு, இல்லன்னா பதிலே போட வேண்டாம்."

முதல் சொல் "தம்பிக்கு". திரையில் முதலில் தெரிவது குழந்தை. "உன் பையன்" என்று எழுதினால் அவன் உங்களுக்கு யாரோ ஆகிவிடுகிறான். வீட்டில் அவனைக் கூப்பிடும் செல்லப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை எழுதினால் இன்னும் நல்லது. "டி" விட்டுப்போகக் கூடாது. நீங்கள் மூன்று வருஷம் வாடி போடி என்று பேசியவர்கள். சண்டைக்குப் பிறகு மரியாதை கூடினால் தூரம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஆனால் முன்பு இல்லாத கொஞ்சலையும் சேர்க்காதீர்கள். "செல்லம்", "தங்கம்" எல்லாம் இப்போது போட்டால் சந்தேகம்தான் வரும்.

சண்டையைப் பற்றிய வரிதான் கஷ்டமானது. அதை எழுதாமலே விடலாமே என்று தோன்றும். சின்ன மனஸ்தாபம் என்றால் விட்டுவிடலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் விஷயத்தில் விட்டால், அன்பான நாலு வரியைப் படித்துவிட்டு அவள் ஐந்தாவது வரியைத் தேடுவாள். இது எங்கே போய் முடியப்போகிறது என்று. அதனால் ஒரு வரி வேண்டும், ஒரே வரி. "நம்ம விஷயம்" என்று எழுதியிருக்கிறேன். "உன் விஷயம்" என்றால் குற்றச்சாட்டு, "அந்த விஷயம்" என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுட்டிக்காட்டுவது போல் இருக்கும். "நம்ம" என்றால் பாதி உங்களுடையது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பதில் தீர்ந்துவிட்டது என்ற பொய்யும் இல்லை, விட்டுக்கொடுத்தேன் என்ற பெருமையும் இல்லை. இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அவ்வளவுதான். நீங்கள் பயப்படுகிற இரண்டு அர்த்தத்துக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்காது.

ஒருவேளை அந்தப் பணத்தை உண்மையிலேயே விட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றினாலும் இந்த வாரம் சொல்லாதீர்கள். குழந்தைக்கு நோய் வந்ததால் தள்ளுபடி என்று ஆகிவிடும். அது அவளுக்குத் தர்மம் வாங்கியது போல் இருக்கும்.

"எது வேணும்னாலும் கூப்பிடு" என்பதை எடுத்துவிட்டு இட்லியைப் போட்டிருக்கிறேன். ஐந்து மாதம் பேசாதவளைக் கூப்பிட்டு உதவி கேட்க யாருக்கும் வாய் வராது. நாள், நேரம், பொருள், இடம் எல்லாம் நீங்களே சொல்லிவிட்டால் அவள் கேட்க வேண்டிய வேலை இல்லை. மேலே வார்டுக்கு வரமாட்டீர்கள் என்பதையும் அந்த வரியே சொல்லிவிடுகிறது. அது பெரிய நிம்மதி. கலைந்த தலையோடு, இரண்டு நாளாகக் குளிக்காமல், கடன் கொடுத்தவள் முகத்தைப் பார்க்கிற நிலைமையை அவளுக்கு வைக்காதீர்கள். பையனுக்கென்று எதுவும் கொண்டுபோக வேண்டாம், அவனுக்கு என்ன, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை வார்டு பார்த்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது பெற்றவர்கள்தான்.

இதை நான் வார்டில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. என் சின்ன மகளுக்கு நிமோனியா வந்து நானே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் ஒருமுறை. அப்போது பக்கத்து வீட்டுத் தோழியோடு எனக்குப் பேச்சு இல்லை. அவர்கள் மாடித் தண்ணீர் எங்கள் சுவரில் இறங்குகிறது என்று சண்டை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவளிடமிருந்து வந்த செய்தி: "பெரியவன் ஸ்கூல் விட்டு எங்க வீட்ல இருக்கான். சாப்பிட்டான். ஹோம்வொர்க் பண்றான். தண்ணி விஷயம் வேற, இது வேற." நான் பதில் போடவில்லை. போட முடியாமல் அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணித் தகராறு அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் ஓடியது, கொத்தனார் வந்து குழாய் மாற்றும் வரைக்கும். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டேதான் சண்டை போட்டோம்.

அனுப்புவதில் சில நுணுக்கம். சாயங்கால ரவுண்ட்ஸ் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விடும் நேரம் இருக்கும், ஏழிலிருந்து எட்டுக்குள். நடு ராத்திரி வேண்டாம். அப்போது போன் ஒளிர்ந்தாலே வயிறு கலங்கும். குரல் பதிவு வேண்டாம், வார்டில் சத்தமாகப் போட்டுக் கேட்க முடியாது, கேட்காமல் விட்டால் உள்ளே என்ன இருக்கிறதோ என்று உறுத்தும். கும்பிடும் படம், பூப்படம் எதுவும் வேண்டாம். ஒரே செய்தியாக அனுப்புங்கள். ஐந்து துண்டாகப் போனால் போன் ஐந்து முறை அதிரும். அனுப்பிவிட்டுப் பயந்துபோய் அழிக்காதீர்கள். "This message was deleted" என்று அங்கே நிற்கும். என்ன எழுதி அழித்தாள் என்று அவள் யோசிப்பதைவிட நீங்கள் எழுதிய எந்த வரியும் மேல். ஒரு டிக் மட்டும் விழுந்து அப்படியே நின்றால் போன் அணைந்திருக்கலாம், உங்களை பிளாக் செய்திருக்கவும் செய்யலாம். ஒரு நாள் பார்த்துவிட்டு, இதே வரிகளைச் சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புங்கள். பொதுத் தோழிகள் மூலம் சொல்லி அனுப்பினால் கூடவே அவர்கள் சமாதானப் பேச்சையும் கொண்டுபோவார்கள், அது இப்போது வேண்டாத சுமை.

நீல டிக் விழுந்து பதில் வராமல் இருந்தால் அதுதான் நல்ல பதில். "வேண்டாம்" என்று வரவில்லையே, இட்லி கொண்டுபோங்கள். "ம்" என்று வந்தாலும் அப்படியே. "வேண்டாம்" என்று வந்தால் "சரிடி" என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்துங்கள். ஏன் என்று கேட்கக் கூடாது. "இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்று சூடாக வரவும் வாய்ப்பு உண்டு. தூக்கமில்லாதவள் எழுதுவது அது. விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அங்கேயே சண்டை தொடங்கிவிடும். "ஆமாடி, லேட்தான். இட்லி எட்டு மணிக்கு" என்று போதும்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி போடலாம், இன்னும் சின்னதாக: "இன்னிக்கும் கொண்டுவரேன். தோசையா, சப்பாத்தியா?" எப்படி இருக்கிறான் என்று அதில் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று இருந்தால் அவளே சொல்வாள், பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்திக்குத்தான் சொல்வாள். பையன் பசிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தான், உடம்பெல்லாம் சிவந்து அரிக்கிறது என்கிறான் என்று எழுதினால் நீங்கள் மூச்சு விடலாம். காய்ச்சல் விட்டபின் வரும் அந்த அரிப்பும் பசியும் பெரும்பாலும் தேறுவதன் அடையாளம்.

பணப் பேச்சு எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆனதும் முடிந்துவிடுவதில்லை. பிள்ளை ஒன்றிரண்டு வாரம் சோர்ந்துதான் கிடப்பான், ஆஸ்பத்திரிச் செலவு அவர்கள் வீட்டுக் கணக்கில் இன்னும் சில மாதம் இருக்கும். அவன் பழையபடி பள்ளிக்கூடம் போய், அவளும் வேலைக்குத் திரும்பி, ஒரு மாதமாவது ஆகட்டும். அதற்குள் அவளே எடுத்தால் பேசுங்கள். எடுக்காவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள், எழுத்தில் வேண்டாம். கேட்கும்போது இட்லியையோ ஆஸ்பத்திரியையோ பேச்சில் இழுக்கக் கூடாது. "அன்னிக்கு நான் வந்தேனே" என்று ஒருமுறை வாயில் வந்துவிட்டால், இந்தச் செய்தியே ஒரு தவணை வசூல் என்று ஆகிவிடும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். நாளைக்கு இட்லியை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோகாதீர்கள். அவள் அதைக் கழுவி, பத்திரமாக வைத்திருந்து, திருப்பித் தர வேண்டும்; காலி டப்பாவாகத் தரக் கூடாதே என்று அதிலும் ஏதாவது போட வேண்டும் என்று நினைப்பாள். வாழையிலையில் வைத்துப் பேப்பரில் கட்டிக் கொடுங்கள். சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம்.